கோவைப் போட்டி: கிட் பட்டியல் (15 பேருக்கும், மேனேஜர் சாருக்கும்)

வியாழன் இரவு வண்டி. காட்பாடி ஜங்ஷனில் ஒன்பதரைக்கே எல்லோரும் இருக்க வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி ஆட்கள் "ஜோலார்பேட்டையில் ஏறிக்கொள்கிறேன்" என்று இந்த முறை கேட்க வேண்டாம். பொதுக் கிட்டை எண்ணிப் பிரித்துக் கொடுப்பது காட்பாடியில்தான். வண்டி நிற்பதே சில நிமிடங்கள், அதில் ஆளையும் பையையும் தேட முடியாது.

முதல் சுற்று ஆட்டங்கள் மேட்டிங் விக்கெட்டில், அரையிறுதியிலிருந்து டர்ஃபில். சிவப்புப் பந்து, வெள்ளை உடை, 30 ஓவர். கீழே உள்ள பட்டியல் இதை வைத்துத்தான்.

பொதுக் கிட்

பை 1 (பொறுப்பு: துணை கேப்டன்)
- லெக் பேடு 4 ஜோடி. ஆடும் இருவருக்கு இரண்டு, அடுத்து இறங்கக் காத்திருப்பவருக்கு ஒன்று, வார் அறுந்தால் மாற்ற ஒன்று.
- பேட்டிங் கிளவுஸ்: வலது கை 4 ஜோடி, இடது கை 1 ஜோடி. இடது கை ஆட்டக்காரர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். இருவர் சேர்ந்து ஆடினால் ஒரு ஜோடி போதாது. சொந்தமாக வைத்திருப்பவர் கட்டாயம் எடுத்து வரவும்.
- ஹெல்மெட் 4. கிரில்லுக்கும் முன்விளிம்புக்கும் நடுவே பந்து நுழைகிறதா என்று கிளம்புவதற்கு முன் ஒரு பந்தை வைத்துப் பார்க்க வேண்டும். பலமாக அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே பழுதில்லாமல் தெரிந்தாலும், வேண்டாம்.
- பொது பேட் 3, கிரிப் 4, கிரிப் மாட்டும் கோன், பேட் டேப்.

பை 2 (பொறுப்பு: விக்கெட் கீப்பர்)
- கீப்பிங் கிளவுஸ் 2 ஜோடி, கீப்பிங் பேடு 1 ஜோடி
- பயிற்சிக்கு லெதர் பந்து 6. ஆட்டப் பந்தை நடத்துபவர்கள் தருவார்கள். மேட்டில் போட்ட பந்து சீக்கிரம் சொரசொரப்பாகிவிடும், அதனால் பழசு இரண்டு, புதுசு நான்கு.
- ஸ்பிரிங் ஸ்டெம்ப் ஒரு செட், பெயில்ஸ், ஃபீல்டிங் பயிற்சிக்குக் கோன் 10
- ஸ்கோர் புத்தகம் 2, பென்சில், ரப்பர்

பை 3 (மேனேஜர் சாரின் பெர்த்துக்குக் கீழே, வேறெங்கும் இல்லை)
- முதல்வர் கையெழுத்திட்ட தகுதிப் படிவம், எல்லோருடைய போனஃபைடு, புகைப்படங்கள். இது இல்லையென்றால் மற்ற இரண்டு பையும் வெறும் சுமை.
- கிரேப் பேண்டேஜ், பஞ்சு, பிளாஸ்டர், காயத்துக்கு மருந்து, கத்தரி, தைலம், ORS பாக்கெட் 30
- ஐஸ் பெட்டி (ஐஸ் அங்கே வாங்கலாம்), 20 லிட்டர் வாட்டர் கேன், டம்ளர்

ஆட்டம் முடிந்ததும் பை மூடும் முன் எண்ண வேண்டியது அந்தந்தப் பொறுப்பாளர். தோற்ற நாளில்தான் கிளவுஸ் தொலைகிறது. யாரும் எண்ணுகிற மனநிலையில் இருப்பதில்லை.

சொந்தக் கிட்

ஷூ இரண்டு ஜோடி: மேட்டுக்கு ரப்பர் அடி, டர்ஃபுக்கு ஸ்பைக். ஸ்பைக்கோடு மேட்டில் ஏறினால் மேட் கிழியும், அம்பயர் வெளியே அனுப்புவார். ஸ்பைக் இல்லாத முதலாம் ஆண்டு தம்பிகள் புதிதாக வாங்க வேண்டாம். அரையிறுதிக்குப் போனால் சீனியர்களிடம் அளவு பார்த்து வாங்கிக்கொள்ளலாம். புது ஷூ போட்டு கொப்புளத்தோடு பந்து வீசுவதைவிட அது மேல்.

எல்-கார்டு, இன்னர் கிளவுஸ், ஹெல்மெட்டுக்கு உள்ளே கட்டத் துணி. இந்த மூன்றையும் யாரும் யாரிடமும் கடன் கேட்கக் கூடாது. தை பேட் இருப்பவர்கள் கொண்டுவரலாம்.

உங்கள் பேட்டில் பேனாவால் பெயர் எழுதுங்கள். புது பேட் என்றால் நன்றாக நாக்கிங் செய்திருக்க வேண்டும், இல்லையேல் வீட்டிலேயே இருக்கட்டும்.

வெள்ளை பேன்ட் 2, முழுக்கைச் சட்டை 2, வெள்ளை சாக்ஸ் 4 ஜோடி, கல்லூரித் தொப்பி, டிராக் சூட். துவைக்க சோப்பு, காயப்போடக் கொஞ்சம் கயிறு. துண்டு, போர்வை, கைலி, செருப்பு, பூட்டு (தங்கும் அறையில் பெட்டிக்குப் பூட்டு இருக்காது). சன்ஸ்கிரீன் பூசுவதில் வெட்கம் வேண்டாம். கோவை வேலூர் அளவுக்குக் காயாது என்று தொப்பியைக் கழற்றி நிற்பவர்கள்தான் சாயங்காலம் தலைவலி என்கிறார்கள்.

கல்லூரி அடையாள அட்டை, ஆதார் அசல். நகல் பை 3-இல் இருக்கிறது, அசல் உங்கள் சட்டைப் பையில். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு மேனேஜர் சாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடவும்.

இரவுச் சாப்பாடு வீட்டிலிருந்தே: புளிசாதம், சப்பாத்தி மாதிரி. பிரியாணி பொட்டலம் ஆசைதான், ஆனால் அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு டாஸ். ஸ்பீக்கர், டென்னிஸ் பந்து, நகை வேண்டாம். சீட்டுக்கட்டு ஒன்று போதும்; அது என்னிடம் இருக்கிறது.

புதன் மாலை நெட்ஸ் முடிந்ததும் பொதுக் கிட்டை மைதானத்தில் பரப்பி இந்தப் பட்டியலோடு சரிபார்ப்போம். குறை இருந்தால் வியாழன் காலையில் கடைக்குப் போக நேரம் இருக்கும்.

– கேப்டன்