தைப்பூச நோன்பு நாள் இசை மாலை: பாடல்களும் குறிப்புகளும்

மொரீஷியஸ், குவாத்ர் போர்ன், கோயில் மண்டபம். சனிக்கிழமை மாலை 6 மணி.
வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா. ஆறாம் பாடலுக்கு மட்டும் ராவான் பறை.

அனைவரும் வருக. காவடிக்கு நோன்பு இருப்பவர்கள், அவர்களோடு துணைக்கு வந்தவர்கள், தெலுங்கு, போஜ்புரி, கிரியோல் பேசும் அண்டை வீட்டார் எல்லோரும் இன்று ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறோம். தமிழ்ப் பெயர் வைத்திருந்தும் தமிழ்ப் பாட்டு புரியவில்லையே என்று கூச்சப்படுபவர்களும் நம்மில் உண்டு. கூச்சம் வேண்டாம். சொல்லுக்குச் சொல் பொருள் தேடிக்கொண்டிருந்தால் பாட்டு போய்விடும். எந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்கிறோம். எதிர்ப்பக்கத்தில் இதுவே பிரெஞ்சில் இருக்கிறது.

1. வாதாபி கணபதிம் (ஹம்ஸத்வனி, ஆதி)

முத்துசுவாமி தீட்சிதரின் சமஸ்கிருதக் கிருதி. பிள்ளையாருக்கு முதல் வணக்கம். ஐந்தே சுரங்கள் உள்ள இந்த ராகத்தை அமைத்தவர் தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர். வாதாபி என்பது இன்றைய கர்நாடகத்தில் உள்ள பாதாமி; பல்லவர் படை அங்கிருந்து கொண்டுவந்த பிள்ளையார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் ஒரு புது வளைவோடு. அதுதான் சங்கதி. இந்தப் பாட்டில் கேட்க வேண்டியது அதைத்தான்.

2. மாசில் வீணையும் (தேவாரம், அப்பர், ஏழாம் நூற்றாண்டு)

குற்றமில்லாத வீணை, மாலை நிலவு, வீசும் தென்றல், இளவேனில், வண்டு முரலும் குளம். இறைவன் திருவடி நிழல் இப்படி இருக்கிறது என்கிறார் அப்பர். காது, கண், தோல், மூக்கு என்று ஒவ்வொரு புலனுக்கும் ஒரு குளிர்ச்சி. அவர் இதைப் பாடிய இடம்தான் வியப்பு. மதம் மாறியதற்குத் தண்டனையாகப் பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்து வைத்தான் என்கிறது புராணம். நம் கடற்கரைகளில் பவளப்பாறையைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த பழைய காளவாய்கள் இன்னும் நிற்கின்றன. அதில் ஒன்றன் உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டின் குளிர்ச்சி எதை எதிர்த்து நிற்கிறது என்று விளங்கும்.

தாளம் இல்லாமல் விருத்தமாகப் பாடுகிறோம். வரிகளுக்கு நடுவே கைதட்ட வேண்டாம் என்பது மட்டும் வேண்டுகோள்.

3. எந்தரோ மஹானுபாவுலு (ஸ்ரீ ராகம், ஆதி)

தியாகராஜர் (1767–1847) திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடியவர். பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் இது ஐந்தாவது. "எத்தனையோ மகான்கள், அத்தனை பேருக்கும் வணக்கம்" என்பது பல்லவி. ஒவ்வொரு சரணத்தையும் முதலில் சுரமாகப் பாடுவோம், பிறகு அதே மெட்டில் சொல். தைப்பூசப் பௌர்ணமி கழிந்த ஐந்தாம் நாள் அவருடைய ஆராதனை. தெலுங்கு அன்பர்கள் பலர் வந்திருப்பதால் இதைச் சேர்த்தோம். உச்சரிப்பு உதைத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

4. வருகலாமோ ஐயா (மாஞ்சி, மிஸ்ர சாபு)

இன்றைய நிகழ்ச்சியில் எங்களுக்கு மிகவும் நெருக்கமான பாட்டு இதுதான். பண்ணைக் கூலியாள் நந்தன். தீண்டாதவன் என்று ஊர் ஒதுக்கிய குலம். சிதம்பரம் போய் நடராஜரைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லியே நாள் கழிகிறது. பெரிய புராணத்தில் அவர் பெயரே திருநாளைப்போவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இந்தக் கதையை இசை நாடகமாக விரித்தார். நந்தனுக்கு விடுப்புத் தராத பண்ணையார் பெரிய புராணத்தில் கிடையாது, பாரதி கொண்டுவந்தவர். கரும்புத் தோட்டத்தில் விடுப்புக் கேட்டு நின்ற கொள்ளுத்தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பண்ணையாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்த நூல் முதலில் அச்சேறியதற்கு காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி துணை நின்றார் என்பது நம் ஊருக்குச் சுவையான செய்தி.

பாட்டு ஒரு கேள்வி: "நான் வரலாமா ஐயா? உன் அருகில் நின்று பாடலாமா?" முதல் சொல்லான "வருகலாமோ"வைப் பாடகர் அவசரப்படாமல் இழுப்பார். குரல் ஒரு படி மேலே போய், தயங்கி, இறங்கும். மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கையில் நடக்கும் தாளமும் ஓர் அடி வைத்து நின்று, மறு அடி வைக்கும். தமிழ் ஒரு சொல்லும் தெரியாதவருக்கும் அந்தத் தயக்கம் கேட்கும்.

கதையின் முடிவில் நந்தன் தீக்குளித்துத் தூய்மையாகிக் கோயிலுக்குள் போகிறார். அந்தப் பகுதியை நாங்கள் பாடவில்லை. அவரிடம் கழுவ வேண்டிய அழுக்கு எதுவும் இருந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.

*இடைவேளை: 15 நிமிடம். நோன்பாளிகளுக்குப் பாலும் பழமும் இடப்பக்க வாசலில்.*

5. முத்தைத்தரு (திருப்புகழ், அருணகிரிநாதர், பதினைந்தாம் நூற்றாண்டு)

வாழ்வு வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரியை முருகன் தாங்கிப் பிடித்து "முத்து" என்று அடியெடுத்துக் கொடுத்ததாகக் கதை. பாட்டு முழுக்க "தத்தத்தன தத்தத் தனதன" என்ற சந்தம். பின்பாதி போர்க்களம்: பைரவி ஆடுகிறாள், பறைகள் முழங்குகின்றன, கிழட்டு ஆந்தைகள் "குக்குக்குகு குக்குக் குகுகுகு" என்று அலறுகின்றன. அந்த இடத்தில் மிருதங்கமும் ஆந்தையோடு சேர்ந்துகொள்ளும். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

6. சென்னி குளநகர் வாசன் (காவடிச் சிந்து, செஞ்சுருட்டி)

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன்மேல் பாடியது. காவடி தூக்கி நடப்பவர்கள் களைப்புத் தெரியாமல் பாடிப்போக எழுந்த வகை. புலவர் தம் ஊரையும் பெயரையும் சொல்லித் தொடங்கி, தம் கவிதையை முருகன் மலை போன்ற தோளில் மாலையாகச் சூடிக்கொள்கிறான் என்கிறார். நாம் அவன் காவடியைத் தோளில் சுமக்க, அவன் நம் பாட்டைத் தோளில் சுமக்கிறான்!

இதில் ராவான் சேர்கிறது. சிந்தும் மும்மை நடை, நம் தீவின் செகா இசையும் மும்மை நடை. ஒத்திகையில் இரு பக்கத்தாரும் தாளம் பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாட்டுக்குச் சற்று முன் மண்டபத்துக்கு வெளியே வைக்கோல் தீ தெரிந்தால் பதற வேண்டாம். ராவானின் ஆட்டுத்தோலை அனலில் காட்டி இறுக்குகிறார்கள். கைதட்டலாம், காலும் தட்டலாம்.

7. ஏறுமயில் ஏறி (திருப்புகழ்)

முருகனின் ஆறு முகத்துக்கும் ஆறு வேலை: மயிலேறி விளையாட ஒன்று, ஈசனோடு ஞானம் பேச ஒன்று, அடியார் வினை தீர்க்க ஒன்று, மலையைப் பிளக்க, சூரனை வதைக்க, வள்ளியை மணக்க என்று மற்றவை. இந்த ஆறு வரியும் "முகம் ஒன்றே" என்று முடியும். அந்த இரண்டு சொல்லை மட்டும் எல்லோரும் சேர்ந்து பாடுங்கள். முடிந்ததும் அரோகரா, அதை யாருக்கும் விளக்க வேண்டாம்.

பின்கட்டில் வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு. நோன்பாளிகளுக்கு முதல் பந்தி. காலணிகளை வாசல் படியில் குவிக்காமல் வலப்பக்க அலமாரியில் வைத்தால் உதவியாக இருக்கும்.