அண்டி ஆபீஸ் பங்கு ஒப்பந்தம்: உறுதிமொழி, இழப்பீட்டு வரம்பு, காலக்கெடு பற்றிய சுருக்கம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நீங்கள் வாங்கப்போகிற அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலைக் கம்பெனிக்கு, விற்பவர்கள் தரப்பு அனுப்பிய நான்காவது ஒப்பந்த வரைவை முழுக்கப் படித்துவிட்டேன். 58 பக்கத்தில் உங்கள் பணத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது 7, 10, 11 ஆகிய மூன்று பிரிவுகளும் கடைசியில் கோர்த்திருக்கிற, கம்பெனியின் குறைகளை விற்பவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கிற டிஸ்க்ளோஷர் லெட்டரும்தான். வியாழக்கிழமை கையெழுத்து என்று நாள் குறித்திருக்கிறீர்கள். அதற்கு முன் இதை நீங்களும், கணக்குப் பார்க்கிற மருமகனும் உட்கார்ந்து படித்துவிட வேண்டும்.

முதலில் அடிப்படை. நீங்கள் வாங்குவது கட்டடத்தையும் பாய்லரையும் அல்ல, கம்பெனியின் பங்குகளை. 6 கோடியே 40 லட்சம் கொடுத்து நூறு சதவீதப் பங்கும் உங்கள் பெயருக்கு வந்தாலும் கம்பெனி அதே கம்பெனிதான். அதன் பழைய பாக்கி, பழைய வழக்கு, கட்டாமல் விட்ட வரி எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். அதற்கு ஈடாக உங்களுக்குக் கிடைப்பது விற்பவர்கள் தருகிற உறுதிமொழிகளும், அவை பொய்த்தால் இழப்பீடு தருவோம் என்ற வாக்கும் மட்டும்தான்.

வரைவில் உறுதிமொழிகள் மூன்று வகை. முதலாவது பங்குரிமை: பங்குகள் எங்களுடையவை, அடமானத்தில் இல்லை, விற்க எங்களுக்கு அதிகாரம் உண்டு என்பது. இதற்குக் காலக்கெடு கிடையாது. உச்சவரம்பு முழு விலையான 6.40 கோடி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது வரி. 7 ஆண்டு செல்லும், வரம்பு விலையில் பாதி, அதாவது 3.20 கோடி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1.1-இல் ‘வரி’ என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கத்தில் வருமான வரியும் ஜிஎஸ்டியும்தான் இருக்கின்றன, சுங்கம் இல்லை. தூத்துக்குடி துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை அண்டி இறக்குகிற கம்பெனிக்குச் சுங்கம் விடுபட்டால் எப்படி? சுங்கச் சட்டத்தில் சாதாரண நோட்டீசுக்கு 2 ஆண்டு, மறைத்ததாகக் குற்றம் சாட்டினால் 5 ஆண்டு வரை வரலாம். இந்த வரைவுப்படி சுங்கப் பாக்கி மூன்றாவது வகையில் விழுந்து, 18 மாதத்தில் முடிந்துபோகும். ‘சுங்கம்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். அவர்கள் மறுக்கக் காரணம் இருக்காது.

மூன்றாவது பொது உறுதிமொழிகள்: கணக்கு, இருப்புச் சரக்கு, லைசென்ஸ், நிலம், தொழிலாளர் என்று மீதி எல்லாம் இதில். 18 மாதம், வரம்பு 20 சதவீதம், அதாவது 1.28 கோடி. இதிலும் 1 லட்சத்துக்குக் குறைந்த இழப்பு கணக்கிலேயே வராது. மீதி எல்லாம் சேர்ந்து 12 லட்சத்தைத் தாண்டினால்தான் கேட்க முடியும், அப்போதும் தாண்டிய பகுதி மட்டுமே. 15 லட்சம் இழப்பு வந்தால் கைக்கு வருவது 3 லட்சம். தாண்டிவிட்டால் முதல் ரூபாயிலிருந்து தர வேண்டும் என்று மாற்றக் கேட்டிருக்கிறேன். நடுவில் எங்காவது ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். மோசடி என்று நிரூபித்தால் எந்த வரம்பும் இல்லை, அது 10.9-இல் சரியாகவே இருக்கிறது.

இப்போது என் தூக்கத்தைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்க்ளோஷர் லெட்டரின் 11-ஆம் பக்கத்தில் நான்காவது வரி: “2020 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரை, தோடு உடைக்கும் பிரிவில் 63 பெண் தொழிலாளர்கள் மேஸ்திரி மூலம் வேலை செய்தனர். அவர்களுக்கு பி.எஃப். செலுத்தப்படவில்லை.” அவ்வளவுதான். போகிற போக்கில் எழுதியதுபோல ஒரு வரி. ஆனால் 10.4 சொல்கிறது: டிஸ்க்ளோஷர் லெட்டரில் தெரிவித்த எதுவும் உறுதிமொழி மீறல் ஆகாது. 10.5 இன்னும் ஒரு படி மேலே போய், வாங்குபவருக்குத் தெரிந்த விஷயத்துக்கும் கேட்க முடியாது என்கிறது. இரண்டையும் சேர்த்தால், பி.எஃப். அலுவலகம் நாளை நோட்டீஸ் அனுப்பினால் விற்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்க முடியாது. 1.28 கோடி வரம்பும், 18 மாதமும் இந்த விஷயத்துக்கு இல்லாததுபோலத்தான்.

எவ்வளவு ஆகும் என்று தோராயமாகப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு மாதம் சராசரி 9,000 கூலி என்று வைத்தால் 63 பேருக்கு மாதம் 5.67 லட்சம், நான்கு ஆண்டுக்கு 2.72 கோடி. தொழிலாளியின் 12 சதவீதத்தை இத்தனை காலம் கழித்துக் கூலியில் பிடிக்க முடியாது. ஆகவே 24 சதவீதமும் கம்பெனியின் தலையில்தான். அது மட்டுமே 65 லட்சத்துக்கு மேல். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், அபராதமும் இதற்கு மேலே. ஒரு கோடியைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டிய பணம் இது, கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் கொடுக்க வேண்டியவர்கள் அவர்களிடம் வேலை வாங்கிய விற்பவர்கள்தான்.

ஆகவே இதற்கென்று தனி இழப்பீட்டுப் பிரிவு எழுதி அனுப்பியிருக்கிறேன். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பழைய பாக்கி எவ்வளவு வந்தாலும் விற்பவர்கள் ஏற்க வேண்டும். தெரிவித்தது, தெரிந்தது என்ற விலக்குகளும் 12 லட்ச வரம்பும் இதற்குப் பொருந்தாது. தனி உச்சவரம்பு 1.50 கோடி, காலம் 6 ஆண்டு. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம் அண்ணாச்சி, இதில் மட்டும் கூடாது. இது இல்லாமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

வாக்குப் பெறுவது ஒன்று, பணம் வாங்குவது வேறு. விற்பவர்கள் மூவரும் 50, 30, 20 என்ற விகிதத்தில் தனித்தனியாகவே பொறுப்பு என்று 10.2 சொல்கிறது. நடு அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். அவர் பங்கான 30 சதவீதத்தை அங்கே போய் யார் வசூலிப்பது? மூவரும் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பு என்று மாற்ற வேண்டும். (அவர் வெளிநாட்டுவாசி என்பதால், அவருக்குப் பணம் தரும்போது வரி பிடித்துக் கட்டும் கடமை உங்களுக்கு உண்டு. ஆடிட்டரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.) விலையில் ஒரு பகுதியை மூன்றாம் தரப்பிடம் நிறுத்தி வைக்கிற எஸ்க்ரோவில் 64 லட்சம் 12 மாதம் மட்டும் நிற்கிறது. பொது உறுதிமொழியே 18 மாதம் செல்லும்போது பணம் அதற்கு முன் கைமாறிவிடுகிறது. 1 கோடி, 24 மாதம் என்று கேட்டிருக்கிறேன். 80 லட்சம் வரை இறங்கலாம்.

உலர்களமாக இருக்கிற 32 சென்ட் இன்னும் அவர்களுடைய தகப்பனார் பெயரில் பட்டா. பங்கு வாங்கினால் அது வராது. பணம் கொடுப்பதற்கு முன்பே கம்பெனி பெயருக்குக் கிரயப் பத்திரம் முடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறேன்.

காலக்கெடு விஷயத்தில் ஒன்று. கெடு முடிவதற்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தால் உரிமை நிற்கும். ஆனால் 11.6, நோட்டீசிலிருந்து 6 மாதத்துக்குள் நடுவர் மன்றம் போகாவிட்டால் உரிமை போய்விடும் என்கிறது. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி இது செல்லாது என்று வாதாடலாம். அந்த வாதத்தை நம்பி இருப்பதைவிட இப்போதே அடித்துவிடுவது நல்லது. நடுவர் மன்ற இடம் சென்னை என்று போட்டிருக்கிறார்கள். மதுரை என்று மாற்றக் கேட்டிருக்கிறேன்.

கையெழுத்தான பிறகு, ஏதாவது அரசு நோட்டீஸ் வந்தால் அன்றே எனக்கு அனுப்புங்கள். வந்து 30 நாளுக்குள் விற்பவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 11.2-இல் இருக்கிறது. ஆபீஸில் தபால் வாங்குகிற பையனிடமும் சொல்லி வையுங்கள்.

செவ்வாய் மாலை 5 மணிக்கு அலுவலகத்தில் இருப்பேன். தனி இழப்பீட்டுப் பிரிவுக்கு அவர்கள் பதில் அதற்குள் வந்துவிடும் என்று அவர்கள் வக்கீல் சொன்னார். வராவிட்டால் வியாழக்கிழமையைத் தள்ளிப்போடச் சொல்லி நானே அவரிடம் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வழக்கறிஞர்,
நாகர்கோவில்