கர்ண மோட்சம் முடிந்ததும் சபைக்கு ஒரு நன்றி

சபையோர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, திரௌபதி அம்மன் சன்னதியில் விடிய விடியக் கண் விழித்த அத்தனை பேருக்கும் வணக்கம்.

மங்களம் பாடுவதற்கு முன்னால் சபைக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று வாத்தியார் என்னைத் திரைக்கு முன்னால் தள்ளிவிட்டார். கர்ணன் இருக்கிறான், கிருஷ்ணன் இருக்கிறான், அவர்களை விட்டுவிட்டுச் சல்லியன் வேஷம் கட்டியவனை எதற்கு அனுப்பினார் என்று நீங்கள் கேட்கலாம். கர்ணனுக்குக் குரல் போய்விட்டது. கிருஷ்ணன் அரிதாரம் கலைக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்புறம், ராத்திரி முழுக்க உங்களிடம் அதிகமாகத் திட்டு வாங்கினவன் நான்தான். கர்ணன் என் பேச்சைக் கேட்காத கோபத்தில் தேரை விட்டுக் கீழே குதித்தேனே, அப்போது வலது பக்கத்துச் சாக்கு வரிசையிலிருந்து வந்த வசவை இந்த மைக்கில் திருப்பிச் சொல்ல முடியாது. சல்லியனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. திட்டிய வாய்களுக்கு முதல் நன்றி.

ஒவ்வொரு வருஷமும் பாரதக் கூத்துக்கு வெளியூர் ஜமா வருவார்கள். வில் வளைப்பிலிருந்து பதினெட்டாம் போர் வரைக்கும் அவர்கள் ஆடுவார்கள், நாம் பார்ப்போம். இந்த வருஷமும் அப்படித்தான், நேற்று ராத்திரி ஒன்றைத் தவிர. கர்ண மோட்சத்தை மட்டும் நம் ஊர்ப் பிள்ளைகளே கட்டட்டும் என்று கோயில் பெரியவர்கள் சொன்னபோது எங்களுக்குக் கால் நடுங்கியது. வேறு கூத்தாக இருந்தால் பரவாயில்லை. கர்ண மோட்சம் இந்தச் சீமையில் எல்லாருக்கும் மனப்பாடம். வந்தவாசி, செய்யாறு பக்கம் எந்த ஊரில் கரும காரியம் என்றாலும் அந்த ராத்திரி ஆடுவது இந்தக் கூத்துதான். தகப்பனைப் பறிகொடுத்த வீட்டு வாசலில் உட்கார்ந்து இதைப் பார்த்தவர்கள் இந்தச் சபையில் எத்தனையோ பேர். உங்கள் முன்னால் ஒரு விருத்தத்தில் ஒரு அடியை விட்டாலும் தெரிந்துவிடும்.

விட்டோம், தெரிந்தும்விட்டது. பொன்னுருவியிடம் கர்ணன் தன் பிறப்பைச் சொல்லுகிற இடத்தில் பாட்டு ஒரு நொடி நின்றது. பின்பாட்டுக்காரர்கள் எடுப்பதற்குள், வேப்பமரத்தடியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார். அதட்டலாகக்கூட இல்லை, பக்கத்து ஆளிடம் வெற்றிலை கேட்கிற குரலில். கர்ணன் அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். முன் வரிசையில் இருந்தவர்கள் பாதிப் பேர் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். பெரியவரே, உங்கள் பெயரைச் சொல்லலாமா என்று ஆள் அனுப்பிக் கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டீர்கள். சரி, சொல்லவில்லை. அந்த அடிக்கு நன்றி.

அப்புறம் நம்ம ஆயா. கிருஷ்ணன் கிழ வேதியராக வந்து, குற்றுயிராகக் கிடக்கிறவனிடம் போய், செய்த தர்மத்தின் பலனையெல்லாம் தானமாகக் கொடு என்று கேட்கிறார். வில்லிபுத்தூரார் பாரதத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த இடம் புதிதா என்ன? இருந்தாலும் கர்ணன் மார்பில் கை வைத்து ரத்தத்தால் தாரை வார்க்கப் போனபோது, “டேய், குடுக்காதடா, வந்திருக்கிறவன் கிருஷ்ணன்டா!” என்று கத்தினீர்களே ஆயா, எங்கள் எல்லாருக்கும் மயிர்க் கூச்செறிந்தது. கட்டியக்காரன் நல்லவேளை சும்மா இருக்கவில்லை. “ஆயா, உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது, கேட்க வேண்டியவன் கேக்கலையே” என்றான். சபை சிரித்தது. சிரித்து முடித்த அதே மூச்சில் எல்லாரும் அழுதீர்கள். ஒத்திகையில் அந்த இடத்தை வாத்தியார் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்தும் அது அப்படி வந்ததே இல்லை. நீங்கள் குரல் கொடுத்ததால் வந்தது.

பொன்னுருவியாக ஆடிய பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நம் கூத்தில் பெண் வேஷத்தையும் ஆண்கள் கட்டுவதுதான் வழக்கம். காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் நடத்தியவர்கள் பெண் பிள்ளைகளுக்கும் சலங்கை கட்டிப் பழக்கினார்கள். அது அங்கே. நம் ஊரில் கல்லூரிக்குப் போகிற ஒரு பிள்ளை, அம்மன் சன்னதியில், மாமன் மச்சான் எல்லாரும் உட்கார்ந்திருக்கிற சபையில் ஆடலாமா என்று பேச்சு வந்தது உண்மை. வெளிப்படையாகவே வந்தது, நானும் கேட்டேன். நேற்று ராத்திரி அந்தப் பிள்ளை திரை விலக்கி வந்து முதல் விருத்தம் பாடினபோது சபையில் ஒரு அசைவும் இல்லை. எங்களுக்கு உள்ளே பயம். இது என்ன மாதிரியான அமைதி என்று புரியவில்லை. கர்ணன் செத்ததும் அவள் தலைவிரி கோலமாக ஓடி வந்து ஒப்பாரி எடுத்தாள் பாருங்கள், அப்போது தெரிந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாலாக மடித்த ஐம்பது ரூபாயை எடுத்து, அழுதுகொண்டிருந்த பிள்ளையின் கையில் வைத்து, அந்தக் கையை அப்படியே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெயர் சொல்லி மைக்கில் அறிவிக்கலாம் என்று கட்டியக்காரன் கிட்டே போனான். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அந்தப் பேச்சையெல்லாம் அந்த ஐம்பது ரூபாய் முடித்துவைத்தது என்று நான் நினைக்கிறேன். பிள்ளையின் தகப்பனார் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சார்பிலும் நன்றி.

ரெண்டு மணிவாக்கில் கரண்ட் போனதே, அதையும் சொல்லிவிடுகிறேன். மைக் செத்துவிட்டது, விளக்கு செத்துவிட்டது, கர்ணனும் அர்ச்சுனனும் அம்பு தொடுக்கிற நேரம். ஜெனரேட்டர் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். சபை கலைந்துவிடும், மறுபடி கூட்ட முடியாது என்று எங்களுக்கு உதறல். யாரும் எழுந்திருக்கவில்லை. பின்னால் கயிற்றுக் கட்டிலில் இருந்தவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தீர்கள். பிள்ளைகள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பிடித்தார்கள். மத்தளமும் முகவீணையும் மைக் இல்லாமல் காதில் விழுந்தன. பெட்ரோமாக்ஸ் காலத்துக் கூத்து இப்படித்தான் இருந்தது என்று மத்தளக்காரர் சொன்னார். கர்ணன் கட்டியிருந்த கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் இருக்கிற கண்ணாடிச் சில்லுகள் டியூப் லைட்டில் ஒன்றும் பெரிதாகத் தெரிவதில்லை. அந்தச் செல்போன் வெளிச்சத்தில் அவன் சுழன்று ஆடினபோது பந்தல் கூரையெல்லாம் பொறி பறந்தது. கரண்ட் வந்தபோது எங்களில் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மற்றவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜமாவின் வாத்தியாருக்கும், எங்கள் தப்புத் தாளத்தை மத்தளத்தாலேயே மூடி மறைத்த கலைஞர்களுக்கும், ராத்திரி உபயம் ஏற்ற குடும்பத்துக்கும், மூன்று மணிக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த தெற்குத் தெரு இளைஞர்களுக்கும், பந்தல்காரருக்கும் வணக்கம். செல்போனில் படம் பிடித்தவர்களுக்கும் நன்றி. ஒரே ஒரு வேண்டுகோள். நான் தேரிலிருந்து குதித்ததை மட்டும் வெட்டி எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள், குந்தி மடியில் கர்ணன் கிடக்கிற பாட்டை முழுசாகப் போடுங்கள். வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிற நம் பிள்ளைகள் கேட்கட்டும்.

தூங்கிவிட்டவர்களையும் விட்டுவிடக் கூடாது. கூத்தில் தூங்குவது குற்றமே இல்லை. பாட்டி மடியில் படுத்து, மத்தளச் சத்தம் கேட்டு விழித்து, மறுபடி தூங்கித்தான் நாங்கள் எல்லாரும் இந்தக் கூத்தைக் கற்றுக்கொண்டோம். நேற்று அப்படித் தூங்கின பிள்ளைகளில் எவனாவது ஒருவன் நாளைக்கு இந்தப் புஜக்கட்டையைக் கட்டினால் எங்களுக்கு அது போதும்.

கூத்துக்காரன் சபையை வணங்கிவிட்டுத்தான் ஆட ஆரம்பிக்கிறான். ராத்திரி பத்து மணிக்கு நாங்கள் வணங்கினது பழக்கத்துக்காக. இப்போது விடிந்த பிறகு, யார் யார் எங்கே உட்கார்ந்து எப்படிக் கேட்டீர்கள் என்று தெரிந்து, வேஷம் கட்டிய அத்தனை பேரும் மறுபடி உங்களைக் கும்பிட்டுக்கொள்கிறோம்.

கடைசியாகக் கோயில் அறிவிப்பு. மத்தியானம் வழக்கம் போலப் பாரதப் பிரசங்கம் உண்டு. இன்று ராத்திரி வெளியூர் ஜமா பதினெட்டாம் போர் ஆடுகிறார்கள். நாளைக் காலையில் படுகளம். களத்து மேட்டில் துரியோதனனுக்கு மண் சுமந்துகொண்டிருக்கிறார்கள், தொடை வரைக்கும்தான் வந்திருக்கிறது, கை கொடுக்கிறவர்கள் குளித்துவிட்டு மண்வெட்டியோடு வாருங்கள். சாயங்காலம் தீமிதி, காப்புக் கட்டியவர்கள் நாலு மணிக்கெல்லாம் கோயிலில் இருக்க வேண்டும்.

மேடைக்கு இடது பக்கம் நீலப் போர்வைக்குள் ஒரு பையன் தூங்குகிறான். எழுப்பினால் கிருஷ்ணன் எங்கே என்று கேட்கிறான், வீட்டைச் சொல்ல மாட்டேன் என்கிறான். அவனுடையவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.

வாத்தியாரே, மங்களம் எடுங்க.