ஜூனியர் ஆண்ட்ராய்டு டெவலப்பர் வேலைக்கு விண்ணப்பம்

வணக்கம் சார்/மேடம்,

உங்க கோயம்புத்தூர் ஆபீஸுக்கு ஜூனியர் ஆண்ட்ராய்டு டெவலப்பர் வேணும்ங்கிற விளம்பரம் பார்த்தேன், கவர் லெட்டர் தமிழ்ல சாதாரணமா எழுதினாலே போதும்னு அதுல போட்டிருந்ததால இப்படியே எழுதுறேன். நான் முத்துலட்சுமி, ஊர் தென்காசி மாவட்டம் புளியங்குடி. 2025-ல பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சேன். வேலை அனுபவம் கிடையாது, ஆனா நான் எழுதின ஆப் ஒண்ணு எங்க மாமாவோட எலுமிச்சை கமிஷன் கடையில தினமும் ஓடுது, அத நம்பித்தான் அப்ளை பண்றேன்.

விவசாயி மூட்டைய இறக்கினதும் எடை, ரேட்டு போட்டு, கமிஷன், இறக்குக்கூலி, வாங்கின முன்பணம் எல்லாம் கழிச்சு சிட்டை குடுக்கணும், அந்த வேலையத்தான் ஆப் செய்யுது. கோட்லின், ஜெட்பேக் கம்போஸ். தகர ஷெட்டுக்குள்ள சிக்னல் வரும் போகும், அதனால சிட்டை எல்லாமே முதல்ல போன்லயே ரூம் டேட்டாபேஸ்ல விழுந்துடும், நெட் வந்ததும் ஒர்க்மேனேஜர் மேல அனுப்பும், ஒவ்வொரு சிட்டைக்கும் போன்லயே UUID போட்டுடுறதால ரெண்டு தடவ போனாலும் சர்வர் ஒரு சிட்டையாத்தான் எடுத்துக்கும். பணத்த `Double`-ல வைக்கல, பைசாவா மாத்தி `Long`-ல வச்சிருக்கேன்.

சீசன் நடுவுல மாமா சாக்கு வாடகைக்கு சிட்டையில தனியா ஒரு கட்டம் கேட்டாரு. `fallbackToDestructiveMigration()` போட்டா சட்டுனு முடிஞ்சிருக்கும், ஆனா அது பழைய டேபிள அழிச்சிடும், ஊர்க்காரங்க பாக்கியெல்லாம் அதுலதான் இருக்கு. அதனால மைக்ரேஷன் எழுதி, பழைய டேட்டாபேஸ் காப்பியில ஓட்டிப் பார்த்த பிறகுதான் கடை போன்ல போட்டேன். கணக்குப்பிள்ளை தாத்தா வேற எழுத்து சைஸ முழுசா ஏத்தி வச்சிருப்பாரு, பேரும் தொகையும் ஒரே வரியில நிக்காது, அவருக்காகவே அத ரெண்டு வரியா மாத்தினேன் (இப்ப கண்ணாடி இல்லாமலே படிக்கிறாரு).

தெரியாததையும் சொல்லிடுறேன். டீமா வேலை பார்த்ததில்ல, கிட் தெரியும் ஆனா என் கோட இன்னொருத்தர் ரிவ்யூ பண்ணினதே இல்ல. ஹில்ட் மேலோட்டமாத்தான் தெரியும். லேப்டாப் 8 ஜிபி ரேம், எமுலேட்டர் திணறும்ங்கிறதால பழைய போன்ல கேபிள் போட்டுத்தான் டெஸ்ட் பண்றேன். உங்க ஆப்ல பழைய ஜாவா கோடும் இருக்குன்னு போட்டிருந்தீங்க, காலேஜ்ல படிச்சது ஜாவாதான், அதனால அதுல கை வைக்கத் தயக்கம் இல்ல.

சோர்ஸ் கோட் லிங்க் ரெஸ்யூம்ல இருக்கு. ஸ்கிரீன்ஷாட்ல இருக்கிற பேரும் தொகையும் நானா போட்டது, நிஜக் கணக்கு விவசாயிங்களோடது, அத வெளிய காட்ட முடியாது. இன்டர்வியூ ஆன்லைன்னாலும் சரி, நேர்லன்னாலும் சரி, முந்தின நாள் சொன்னீங்கன்னா ராத்திரி பஸ் ஏறி காலையில வந்துடுவேன்.

இப்படிக்கு,
முத்துலட்சுமி
புளியங்குடி