காலமான தந்தையின் நிரந்தர வைப்புத்தொகையை வாரிசுகளுக்கு வழங்கக் கோரி விண்ணப்பம்

அனுப்புநர்
க. செந்தில்குமார்,
மேலத் தெரு, மன்னார்குடி.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
மன்னார்குடி கிளை.

நாள்: 12.05.2026

பொருள்: மறைந்த ரா. கணேசன் பெயரிலுள்ள ரூ.6,00,000 வைப்பை வாரிசுகளுக்கு வழங்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

என் தந்தை ரா. கணேசன் 03.02.2026 அன்று காலமானார். 18.08.2023 அன்று தங்கள் கிளையில் 3 ஆண்டுகளுக்கு, 7.1 சதவீத வட்டியில் அவர் போட்ட வைப்பு (கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 4417) 18.08.2026 அன்று முதிர்கிறது. வைப்பு அவர் ஒருவர் பெயரில் மட்டுமே உள்ளது. ரசீதில் நாமினி பெயருக்கான கட்டத்தில் ஒரு கோடு மட்டுமே போடப்பட்டிருக்கிறது.

வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழின்படி வாரிசுகள் மூவர்: என் தாயார் க. வசந்தா, அக்கா க. மீனாட்சி, நான். அப்பாவைப் பெற்ற பாட்டியும் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசு என்பதால், அவர் முன்பே இறந்ததற்கான சான்றையும் இணைத்துள்ளேன். உயில் எதுவும் இல்லை. எங்களுக்குள் தகராறும் இல்லை.

சென்ற வாரம் கவுண்டரில் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்டார்கள். அதைப் பெற மாதக்கணக்கில் ஆகும், செலவும் அதிகம். வட்டி சேர்த்தாலும் தொகை ஏழரை லட்சத்தைத் தாண்டாது. ரிசர்வ் வங்கியின் 2025 வழிகாட்டுதல்படி, நாமினி இல்லாத வைப்புகளுக்கும் வணிக வங்கிகளில் ரூ.15 லட்சம் வரை எளிய நடைமுறையே போதும். மூன்றாம் நபர் ஜாமீனும் தேவையில்லை. எல்லா ஆவணங்களும் சேர்ந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணம் வழங்க வேண்டும் என்றும் அதிலேயே உள்ளது. ஆகவே உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் இதை முடித்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்பாவின் சிகிச்சைக்கு வாங்கிய கடனை அடைக்க வேண்டியிருப்பதால் முதிர்வு வரை காத்திருக்க இயலவில்லை. ஓடிய காலத்துக்குரிய வட்டி வீதமே கிடைக்கும் என்பதை ஏற்கிறோம். ஆனால் வைப்பாளர் இறந்து முன்கூட்டியே முடிக்கும்போது அபராதம் பிடிக்கக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டுகிறேன். தானியங்கிப் புதுப்பிப்பு இருந்தால் இப்போதே நிறுத்திவிடுங்கள்.

ஒரு விஷயம் சரிபார்ப்பில் இடிக்கலாம். ரசீதில் 'ரா. கணேசன்', ஆதாரில் 'கணேசன் ராமலிங்கம்', இறப்புச் சான்றிதழில் 'ஆர். கணேசன்'. இந்த மூன்று பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் தந்துள்ளேன்.

தொகையை மூன்று சமபங்காக எங்கள் மூவரின் கணக்குகளிலும் தனித்தனியே வரவு வையுங்கள். இறப்புக்குப் பிந்தைய வட்டியில் டிடிஎஸ் பிடித்தால் அப்பாவின் பான் எண்ணில் அல்லாமல் எங்கள் பான் எண்களில் பதிய வேண்டும். இல்லையேல் வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறுவது சிக்கலாகிவிடும்.

இன்னும் ஏதேனும் குறை இருந்தால் ஒரே தடவையில் எழுத்தில் தெரிவியுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. படியேறி அடிக்கடி வர அவரால் முடியாது. இந்தக் கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் இட்டு ஒப்புகை தரவும்.

இப்படிக்கு,
க. செந்தில்குமார்

சம்மதம்: க. வசந்தா, க. மீனாட்சி

இணைப்பு: அசல் வைப்பு ரசீது, இறப்புச் சான்றிதழ்கள் இரண்டு, வாரிசுச் சான்றிதழ், உரிமைகோரல் படிவம், உறுதிமொழிப் பத்திரம், பிரமாணப் பத்திரம், மூவரின் ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்க நகல்கள்.