தரம் 4 ஆங்கிலப் பேச்சுத் தேர்வு: நடத்தும் ஆசிரியர்களுக்கு

இரண்டாம் தவணை முடிவில் நம் ஆரம்பப் பிரிவில் நடத்தும் தேர்வு இது. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம், மொத்தம் 10 புள்ளி. பிள்ளை பிழையில்லாமல் பேசுகிறதா என்பதை இங்கே பார்க்கவில்லை. கண்ணால் கண்டதை ஆங்கிலத்தில் இன்னொருவருக்குச் சொல்ல முடிகிறதா என்பதைத்தான் பார்க்கிறோம்.

படங்கள் இரண்டையும் நம் ஊரிலிருந்தே எடுத்திருக்கிறோம். பனிமனிதன் படத்தைக் காட்டினால் பிள்ளை வாயடைத்துப்போவது ஆங்கிலம் தெரியாமல் அல்ல, படத்தில் உள்ளது என்னவென்று தெரியாமல்.

முதலில் வணக்கமும் பெயரும். 'ஹலோ, வட் இஸ் யுவர் நேம்?' என்று கேளுங்கள். இதற்குப் புள்ளி இல்லை. பிள்ளையின் படபடப்பு அடங்கத்தான். பிறகு தமிழில் ஒரு தடவை: "மகள், படத்தைப் பாருங்க. தெரிஞ்சதை இங்கிலீஷ்ல சொல்லுங்க, பிழைச்சாலும் பரவாயில்லை." இதற்குப் பிறகு நீங்கள் தமிழ் பேச வேண்டாம்.

முதலாம் படம்: குருமண்வெளித் துறை. வாவியைக் கடக்கும் பாதையில் ஏற ஆட்கள் காத்து நிற்கிறார்கள். ஒருவர் மோட்டார் சைக்கிளைப் பிடித்திருக்கிறார், ஒரு பெண் குடை பிடித்திருக்கிறாள், ஒரு பையன் வாவியைக் காட்டுகிறான், ஓரத்தில் நாய் படுத்திருக்கிறது. கேள்விகள் இந்த வரிசையில்:

'வட் கேன் யூ சீ?'
'வெயர் இஸ் த டோக்?'
'வட் இஸ் த வுமன் ஹோல்டிங்?'
'வட் இஸ் த போய் டூயிங்?'
'டூ யூ லைக் கோயிங் பை போட்? வை?'

கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். நம்மில் பலர் இரண்டு எண்ணுமுன் விடையை நாமே சொல்லிவிடுகிறோம். அந்த மௌனத்தில்தான் பிள்ளை சொல்லைத் தேடுகிறது. பதில் வராவிட்டால் அதே கேள்வியை மெதுவாக மறுபடி கேளுங்கள். அதற்கும் வராவிட்டால் படத்தில் விரலை வைத்துக் காட்டுங்கள். பிறகு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

இரண்டாம் படம் நான்கு கட்டக் கதை. சிறுமி திண்ணையில் இருந்து எழுதுகிறாள், அம்மா கூப்பிட, கொப்பியை வைத்துவிட்டு உள்ளே போகிறாள், ஆடு கொப்பியைத் தின்கிறது, சிறுமி ஓடிவருகிறாள். முதற்கட்டத்தை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்: 'த கேர்ள் இஸ் ரைட்டிங். நவ் யூ டெல் த ஸ்டோரி.' மற்றதைப் பிள்ளை சொல்லட்டும். நின்றுவிட்டால் 'வட் ஹெப்பன்ஸ் நெக்ஸ்ட்?' என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம்.

புள்ளித்திட்டம்

விளங்கிக்கொள்ளல் (3): பெரும்பாலான கேள்விகள் முதல் தடவையிலேயே விளங்கினால் 3. திருப்பிக் கேட்ட பின்பு என்றால் 2. விரலால் காட்டியும் சிலது மட்டும் என்றால் 1. எதுவும் விளங்காவிட்டால் 0. நாய் எங்கே என்றதும் பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டினாலோ தமிழில் சொன்னாலோ இங்கே முழுப் புள்ளி உண்டு, கேள்வி விளங்கிவிட்டதே.

சொல்லல் (4): ஆசிரியர்களுக்குள் அதிகம் வேறுபடும் இடம் இது. ஆட்டுப் படத்துக்கு வரக்கூடிய பதில்களையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 'கோட்... புக்' என்றால் 1. 'கோட் ஈட் புக்' என்றால் 2. 'த கோட் இஸ் ஈட் த புக்' என்றால் 3. இலக்கணம் பிழைத்தாலும் வாக்கியமாக எழுந்து நிற்கிறது. 'த கோட் இஸ் ஈட்டிங் த புக் அன்ட் த கேர்ள் இஸ் ரன்னிங்' என்று தொடுத்துச் சொன்னால் 4. ஆங்கிலச் சொல் ஒன்றுகூட வராவிட்டால் 0. ஒரே ஒரு நல்ல வாக்கியத்தைக் கேட்டு 4 போட வேண்டாம். தேர்வு முழுவதிலும் பிள்ளை பெரும்பாலும் எந்தப் படியில் நின்றது என்று பாருங்கள்.

கேட்பவருக்குப் புரிதல் (3): சிரமமின்றிப் புரிந்தால் 3, சில இடங்களில் காது கொடுக்க வேண்டியிருந்தால் 2, பெரும்பாலும் புரியாவிட்டால் 1, பேசாவிட்டால் 0. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்றாலும், 'ஃபிஷ்' என்பதை 'பிஷ்' என்றாலும் புரிகிறது. புள்ளியைக் குறைக்கவே கூடாது. இரண்டு மூன்று சொல் மட்டுமே சொன்ன பிள்ளைக்கு இதில் 2க்கு மேல் வேண்டாம், மதிப்பிட அவ்வளவு பேச்சு போதாது.

ஒருவர் பேச, மற்றவர் சற்றுப் பின்னால் இருந்து புள்ளியிடுங்கள். பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி பேனை ஓடக் கூடாது. முதல் மூன்று பிள்ளைகளுக்கு இருவரும் தனித்தனியே புள்ளியிட்டு ஒப்பிடுங்கள். இரண்டு புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால், மேலேயுள்ள ஆட்டுப் பதில்களை மறுபடி வாசித்து ஒத்துக்கொண்ட பிறகு நான்காம் பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

தேர்வு முடிந்த பிள்ளைகளை நூலக வாசலால் அனுப்புங்கள். காத்திருக்கும் பிள்ளைகளோடு கலந்தால் ஆட்டுக் கதை முன்னமே பரவிவிடும். பயத்தில் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைக்கு அன்று புள்ளியிட வேண்டாம். வியாழக்கிழமை இரண்டாம் பாடவேளையில், அந்தப் பிள்ளைக்குப் பழக்கமான வகுப்பாசிரியரே இந்த இரண்டுக்கும் பதிலாக வேறொரு படமான சந்தைப் படத்தை வைத்து மறுபடி கேட்கட்டும்.