தெற்கு வீதியில் மழை

"சூப்பரா இருக்குடா" என்றான் சாதிக்.

"அது உன் அபிப்பிராயம். படத்தைச் சொல்லு."

கதிரவன் கையை நீட்டினான். சாதிக் பிரின்ட்டை அவன் கையில் வைத்தான். ஸ்டுடியோவில் அப்போது கூட்டம் இல்லை. மாமா கல்லாவுக்குப் பின்னால் பாஸ்போர்ட் போட்டோக்களை வெட்டிக்கொண்டிருந்தார். கதிரவன் நான்கு ஓரங்களிலும் விரலை ஓட்டினான். 12க்கு 8 அங்குலம், மேட் தாள். மழையும் தெருவும் கதிரவனின் விரலுக்கு ஒரே வழவழப்பு.

"படுக்கையா, நிக்கறதா?"

"படுக்கை."

"மாமா எங்க நின்னு, எந்தப் பக்கம் பாத்து எடுத்தாரு?"

சாதிக் மாமாவைத் திரும்பிப் பார்த்தான். "தெற்கு வீதி மேலக் கோடியில நின்னு, கெழக்க பாத்து. போன ஐப்பசி" என்றார் அவர், கத்தரியை நிறுத்தாமல்.

"அப்ப எனக்கு இடது கைப் பக்கம் கோயில். இப்ப இடதுலேருந்து சொல்லிட்டு வா. தாவித் தாவிச் சொல்லாத."

பிறந்ததிலிருந்து கதிரவனுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். ஆனால் திருவாரூர்த் தெற்கு வீதியை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போகிற வழி அதுதான். இடது பக்கம் டீக்கடை, அதன் வாசலில் தார்ப்பாய்ப் பந்தல் என்று சாதிக் தொடங்கியதுமே, "எதுத்தாப்ல பாத்திரக்கடை" என்று முடித்தான். சாதிக் நடுத்தெருவுக்கு வந்து, "தூரத்துல போகப்போகத் தெரு ஒடுங்கிப்போவுது" என்றதும்தான் தகராறு.

"எங்க ஒடுங்குது? நான் தடியை வீசி நடக்கற தெரு. கோடி வரைக்கும் ஒரே அகலம்."

"நெசமா ஒடுங்கலடா. தள்ளி இருக்கறது சின்னதாத் தெரியும். பக்கத்துல வாசிச்சாப் பெருசாவும், கீழ வீதியில வாசிச்சாச் சின்னதாவும் நாயனம் கேக்குதுல்ல?"

கதிரவன் கொஞ்சம் யோசித்தான். "சரி. அப்ப டீக்கடை எவ்ளோ பெருசு, கோடியில இருக்கற கடைசிக் கடை எவ்ளோ பெருசு? விரலால சொல்லு."

டீக்கடை நான்கு விரல் உயரம், கடைசிக் கடை அரை நகம். அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

"இப்ப மழையைச் சொல்லு. எங்க இருக்கு?"

சாதிக் வாயைத் திறந்து மூடினான். மேலே வானம் வெறும் வெளுப்பு. அங்கே ஒரு துளிகூட இல்லை. தெரு நடுவிலும் தெளிவாக எதுவும் இல்லை. பார்த்தவுடன் மழை என்று தெரிகிற படத்தில் மழையைத் தேட வேண்டியிருந்தது. "பாத்திரக்கடை வாசல்ல மட்டும் தெரியுது. உள்ள இருட்டா இருக்குல்ல, அது மேல வெள்ளை வெள்ளையாக் கோடு."

"துளின்னு சொல்லு. மழை எப்படிக் கோடாவும்?"

இதற்கு மாமா கத்தரியைக் கீழே வைத்தார். வெளுத்த வானத்துக்கு முன்னால் துளி தெரியாது, பின்னால் இருட்டு வேண்டும். ஷட்டர் ஒரு நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தது. அதற்குள் துளி கீழே வந்துவிடுகிறது, அது வந்த பாதைதான் கோடாக விழுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்திருந்தால் புள்ளியாக நின்றிருக்கும். "ஆனா புள்ளி வச்சா மழை மாதிரி இருக்காது தம்பி, தூசி மாதிரி இருக்கும்."

"பெரிய துளி எவ்ளோ வேகத்துல விழும் மாமா?"

"நொடிக்கு 9 மீட்டர் வரும்."

"அப்ப ஒரு கோடு 15 சென்டிமீட்டர். அரை அடி" என்றான் கதிரவன். மாமா கால்குலேட்டரைத் தேடி எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வைத்தார்.

கோட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றான் கதிரவன். பையிலிருந்து ஒரு பிரெயில் தாளும் ஊசியும் எடுத்துக் கொடுத்தான். சாதிக் கால்மிதி ரப்பரைத் துடைத்து, அதன்மேல் தாளை விரித்து, படத்தைப் பார்த்துப் பார்த்துக் குத்தினான். கண்ணில் பட்ட கோட்டையெல்லாம் குத்தினான். திருப்பிக் கொடுத்தபோது கதிரவனின் விரல் ஒரே இடத்தில் சுற்றியது.

"உப்புத்தாளைத் தேச்சா மாதிரி இருக்கு. எது கோடு, எது சந்துன்னே தெரியல. ஏழு கோடு போதும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு விரல் எடம் விடு. கடை, ஆளு எதையும் குத்தாத, அதை வாயால சொல்லு."

இரண்டாவது தாளில் ஏழு கோடுகள். கதிரவன் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே தடவினான். "தெருவுல யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரே ஒருத்தர். டீக்கடைப் பந்தல் ஓரமா வர்றாரு. குடை வச்சிருக்காரு."

"குடை எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?"

"இடது பக்கம்."

கதிரவன் மறுபடி தடவினான். "வலது மேலேருந்து இடது கீழ விழுது மழை. இந்த ஆளு குடையை ஒரு பக்கம் புடிச்சிட்டு இன்னொரு பக்கம் நனையறாரா? அதுவும் இல்லாம, ஐப்பசியில தெக்கேருந்தா சாரல் அடிக்கும்? வடகிழக்குக் காத்துடா. புயல் கிட்ட வந்தாக் காத்து திரும்பும், ஒத்துக்கறேன். ஆனாக் குடையும் சேந்து திரும்பணும்ல?"

சாதிக் படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். கோடுகள் இடது மேலிருந்து வலது கீழே இறங்கின. தாளைப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான். அவன் குத்திய பக்கத்தில் சாய்வு சரியாகத்தான் இருந்தது.

கதிரவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "குத்தறது ஒரு பக்கம், புள்ளி மேடாகறது மறு பக்கம். தாளைத் திருப்பினா இடம் வலமாயிடும். நாங்க சிலேட்டுல ஏன் வலதுலேருந்து எழுதறோம்னு நெனச்ச?"

மாமா பட்டர் பேப்பர் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். படத்தின் மேல் வைத்துப் பேனாவால் ஏழு கோடுகளை வரைந்து, அதைக் குப்புறக் கவிழ்த்து, புதுத் தாளின் மேல் வைத்துச் சேர்த்துக் குத்தச் சொன்னார். மூன்றாவது தாள் சரியாக வந்தது. கதிரவன் இடது மேலிருந்து வலது கீழே விரலை இழுத்து, "இப்ப வடக்கேருந்து வருது" என்றான். "அப்ப வலது பக்கக் கடைக்குள்ளதான் தண்ணி அடிக்கும். பாத்திரக்கடை ஷட்டர் பாதி எறங்கியிருக்கணுமே?"

பாதி இறங்கித்தான் இருந்தது. சாதிக் அதைப் பார்த்தும் சொல்லாமல் விட்டிருந்தான்.

"டீக்கடை வாசல்ல தரை?"

"பந்தலுக்குக் கீழ மட்டும் வெளிறிக் கெடக்கு. தாண்டினாக் கறுப்பா, பளபளன்னு."

"காஞ்ச எடம், நனைஞ்ச எடம். சரி. தார்ப்பாய் நேரா இழுத்துக் கட்டியிருக்கா, தொங்குதா?"

"நடுவுல நல்லாத் தொங்குது. தண்ணி தேங்கியிருக்கும்போல."

"எவ்ளோ தொங்குது?"

"டீக்கடைக்காரர் தலையை இடிக்கற அளவுக்கு. அவரு கையில ஒரு கம்பு வச்சிருக்காரு."

கதிரவன் தாளைக் கீழே வைத்தான். "குடைக்காரர் பந்தல்லேருந்து எத்தனை அடி?"

"அடி எங்க? ஓரத்துக்கு நேர் கீழ வந்துட்டாரு."

"மாமா" என்று கல்லாப் பக்கம் திரும்பினான் கதிரவன். "படம் எடுத்த அடுத்த நிமிஷம் அவரு கம்பால தார்ப்பாயை மேல குத்தினாரா?"

மாமா நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "அதை ஏன் கேக்கற! ஒரு கொடம் தண்ணி. குடையை மடக்கிட்டு அடிக்கப் போயிட்டாரு அந்த மனுஷன். நான்தான் ரெண்டு டீ சொல்லி உக்கார வச்சேன்."

"அதையும் எடுத்தீங்களா?"

"கேமராவைப் பைக்குள்ள போட்டுட்டேன்பா, நனைஞ்சிரும்னு."